பிரிவு விழா வீடியோவில் நன்றிச் சொற்கள் அரங்கில் கேட்க வேண்டுமானால்

கேள்வி: தர்மபுரியில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறோம். வகுப்புக் காட்சிகள், ஆசிரியர்களுக்கு நன்றி, நிறைவுச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்துப் பிரிவு விழாவுக்கு ஒரு வீடியோ செய்கிறோம். எதில் அதிகக் கவனம் தேவை?

பதில்: ஒலியில். எங்கள் துறையின் வீடியோவைத் தொகுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். படம் சற்று மங்கினாலும் அரங்கில் இருப்போர் பொறுத்துக்கொள்வார்கள். தமக்கு நன்றி சொல்லும் மாணவியின் குரல் புரியாவிட்டால், அந்த ஆசிரியருக்கு வீடியோவே இல்லாதது போலாகிவிடும்.

வெறுஞ்சுவர்களும் மின்விசிறிகளும் உள்ள வகுப்பறையில் ஐந்தாறு அடி தள்ளி வைத்த கைப்பேசி, பேசுபவரின் குரலோடு சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் பதிவு செய்யும். அது அரங்கின் எதிரொலியோடு சேரும்போது சொற்கள் குழைந்துவிடும். ஆகவே, படம் எடுக்கும் கைப்பேசியைத் தவிர இன்னொன்றை, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், படத்தில் விழாதபடி பிடித்துக் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டும் பதிவாகத் தொடங்கியபின் ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். தொகுக்கும்போது, ஒலி வரைபடத்தில் அந்தத் தட்டல் செங்குத்தாக எழும் இடத்தையும் கைகள் சேரும் காட்சியையும் ஒன்றாக வைத்தால், குரலும் உதட்டசைவும் பொருந்திவிடும்.

பேசுபவர்களிடம் "எல்லா ஆசிரியர்களுக்கும் நன்றி" என்பதை விட்டுவிட்டு, ஒருவர் ஓர் ஆசிரியரைப் பற்றி ஒரு நிகழ்வை மட்டும் சொல்லக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் பென்னாகரம் பக்கத்துத் தோழி ஒருத்தி, "எனக்குப் பேருந்து தவறிவிடக் கூடாது என்று செய்முறை வகுப்பில் என் அளவீடுகளை முதலில் பார்த்து அனுப்புவீர்கள், அம்மா" என்றாள். அரை நிமிடம்கூட ஆகாத அந்தப் பேச்சுதான் முழு வீடியோவிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதற்கடியில் பாட்டு வைக்கவில்லை. பாடல் வரிகள் பேச்சோடு மோதும் என்பதால், இசை வேண்டுமானால் வாத்திய இசையை மிகத் தாழ்வாக வைப்பதே நல்லது.

வகுப்புக் காட்சிகளை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வாங்காமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது.

விழாவுக்கு முந்தைய நாளே அரங்கில் ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் புரொஜெக்டரோடு இணைத்தவுடன் ஒலியும் பெரும்பாலும் அதன் வழியே போய், புரொஜெக்டரின் சிறிய ஒலிபெருக்கியில் முனகும், அல்லது கேட்கவே கேட்காது. மடிக்கணினியின் ஒலி அமைப்பில் ஹெட்ஃபோன் வழியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து தனிக் கம்பியால் மைக் செட்டின் மிக்சருக்கு இணைக்க வேண்டும். பிறகு கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, நன்றிப் பகுதியில் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள்.

நிறைவுச் செய்தியை ஒரே குரலில், இசையின்றி, இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்து, அதன்பின் பத்து விநாடி கறுப்புத் திரையைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிச் சொல் முடிந்த கணமே மடிக்கணினியின் முகப்புத் திரை அரங்கெங்கும் தெரியும்.