குடை விலை ஏறியது சரி, நகர்ந்தது எந்தக் கோடு?

கேள்வி: விலை ஏறினால் தேவை குறையும் என்று ஒரு பக்கத்தில் படிக்கிறேன். தேவை கூடினால் விலை ஏறும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ரெண்டும் எப்படிச் சரியாகும்? கணக்கு கொடுத்தால் எந்தக் கோட்டை நகர்த்துவது என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.

பதில்: ரெண்டும் சரிதான். 'தேவை' என்ற ஒரே சொல்லை ரெண்டு வேலைக்கு ஏவுகிறார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் வாக்கியத்தில் தேவை என்பது ஒரு குறிப்பிட்ட விலையில் எத்தனை வாங்குவார்கள் என்ற எண், அதாவது கோட்டின் மேல் ஒரு புள்ளி. அடுத்த வாக்கியத்தில் தேவை என்பது முழுக் கோடு: எந்த விலை வைத்தாலும் எத்தனை வாங்குவார்கள் என்ற மொத்தப் பட்டியல். விலை மட்டும் மாறினால் புள்ளி கோட்டின் மேலேயே ஏறி இறங்கும். விலை அல்லாத வேறொன்று மாறினால், வருமானமோ பருவநிலையோ மூலப்பொருள் செலவோ, அப்போதுதான் கோடே பெயர்ந்து வேறு இடத்துக்குப் போகும்.

குடைச் சந்தை ஒன்றை வைத்துப் பார்ப்போம். விலை 10 என்றால் 60 குடை வாங்குவார்கள், விலையில் ஒன்று ஏறினால் 4 பேர் விலகிக்கொள்வார்கள். தயாரிப்பவர்கள் 10-க்கு 60 குடை கொண்டுவருவார்கள், விலையில் ஒன்று ஏறினால் 6 குடை கூடுதலாக வரும். வாங்குவோர் பட்டியல் தேவைக் கோடு, தயாரிப்பவர்கள் பட்டியல் அளிப்புக் கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் விலை 10, அளவு 60. அதுதான் சமநிலை.

இப்போது குடைத் துணியின் விலை ஏறிவிட்டது என்று வையுங்கள். அதனால் எந்த விலையிலும் முன்பைவிட 20 குடை குறைவாகத்தான் சந்தைக்கு வருகிறது. 10-க்கு 60 வந்த இடத்தில் 40தான் வருகிறது, ஆனால் வாங்க 60 பேர் நிற்கிறார்கள். 20 பேருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காதவர்களில் சிலர் கூட்டிக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள், விலை ஏறுகிறது. 11-இல் வாங்குவோர் 56, வருவது 46. இன்னும் போதவில்லை. 12-இல் வாங்குவோர் 52, வருவதும் 52. அங்கே நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வாங்குவோர் 60-லிருந்து 52 ஆகிவிட்டார்களே, அப்படியானால் தேவையும் குறைந்துவிட்டது என்று தேவைக் கோட்டையும் இடப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள்! அந்த 8 பேர் விலையைப் பார்த்து விலகியவர்கள், அவர்கள் விலகுவது பழைய கோட்டிலேயே எழுதியிருக்கிறது. புதிய அளிப்புக் கோட்டின் மேலும் அதே மாதிரிதான், 40-லிருந்து 52-க்கு ஏறியது விலை ஏறியதால் வந்த கூடுதல். இங்கே பெயர்ந்த கோடு ஒன்றே ஒன்று.

அளிப்பு பழையபடி இருக்க, எதிர்பாராமல் மழைக்காலம் நீண்டுவிட்டால்? எந்த விலையிலும் 20 பேர் கூடுதலாக வாங்க வருகிறார்கள். இதே மாதிரி போட்டுப் பாருங்கள், விலை மறுபடியும் 12-இல்தான் நிற்கும். ஆனால் அளவு 72.

ஆக, விலை 10-லிருந்து 12 ஆனது என்று மட்டும் யாராவது சொன்னால் உங்களால் ஒன்றுமே சொல்ல முடியாது. அளவையும் கேளுங்கள். விலை ஏறி அளவு குறைந்திருந்தால் அளிப்பு சுருங்கியிருக்கிறது, விலையும் அளவும் சேர்ந்து ஏறியிருந்தால் தேவை பெருகியிருக்கிறது. ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் விலை ஏறுவது உறுதி, அளவு எந்தப் பக்கம் போகும் என்பது எது பெரிய நகர்வு என்பதைப் பொறுத்தது.

படம் வரையும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. கோட்டை மேலே, கீழே என்று படிக்காதீர்கள், இடம், வலம் என்று படியுங்கள். அளிப்பு குறைந்தால் அந்தக் கோடு இடப்பக்கம் போகும், ஆனால் கண்ணுக்கு அது மேலே ஏறியது போலத் தெரியும். 'மேலே போச்சு, அப்போ அளிப்பு கூடிடுச்சு' என்று எழுதினவர்கள் விடைத்தாளை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்கு வகுப்பில் காரணம் கிடையச்சில் இருக்கும், இங்கே விலையைச் செங்குத்து அச்சில் வைக்கிறோம். பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் போட்ட புத்தகத்திலிருந்து பரவிய வழக்கம், இன்றுவரை யாரும் மாற்றவில்லை. பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டாலே போதும், சொல்வதில்லை. விதியை வரையறு, படம் வரை, அம்புக்குறி போடு, மதிப்பெண் வாங்கு, அவ்வளவுதான். ஒரு எண் போட்டுச் சரிபார்க்கச் சொல்லும் கேள்வி வந்தால் பாதிப் பேர் தானாகவே புரிந்துகொள்வார்கள்.

விலை ஏறினால் கூடுதலாக வாங்குகிற விசித்திரப் பொருள்கள் உண்டு என்று கைடுகள் ஒரு பட்டியல் போடும். இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். எனக்கு முக்கியமாகப் படும் விதிவிலக்கு வேறு. விலை மாறினால் கோடு நகராது என்றேன் அல்லவா? அது இன்றைய விலை. நாளைய விலை பற்றிய எதிர்பார்ப்பு கோட்டை நகர்த்தும். அடுத்த வாரம் குடை 15 ஆகும் என்று பேச்சு கிளம்பினால், இன்று 10-க்கே 60 பேருக்குப் பதில் 80 பேர் வந்து நிற்பார்கள். விலை இன்னும் மாறவே இல்லை, தேவைக் கோடு வலப்பக்கம் போய்விட்டது. அதே பேச்சைக் கேட்ட விற்பனையாளர் குடையைப் பூட்டி வைப்பார், அளிப்பும் இடப்பக்கம் போகும். ரெண்டு கோடும் சேர்ந்து விலையை ஏற்ற, பேச்சு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும். விலை ஏறியும் கூட்டம் கூடுகிறதே, விதி பொய்யா என்று கேட்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஒரே கோட்டின் மேல் ஏறுவதாக நினைக்கிறார்கள், உண்மையில் கோடு காலுக்கடியில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

'டிமாண்ட் எகிறுது, இப்பவே வாங்கிடுங்க' என்று தரகர் சொல்வதன் பொருளும் இதுதான். அவர் தகவல் சொல்லவில்லை, உங்கள் எதிர்பார்ப்பை நகர்த்துகிறார். அளவு எவ்வளவு கூடியது, போன மாதம் எத்தனை கைமாறியது, இந்த மாதம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். இன்னொரு கூட்டம் பங்கு விலைப் படத்தில் பட்டைகளைத் தீட்டி 'சப்ளை ஜோன், டிமாண்ட் ஜோன்' என்று பயிற்சி வகுப்பு விற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் அதில் காசைக் கட்டிவிட்டு, பொருளியல் படித்தேன் என்று என்னிடம் வந்தார். அந்தப் படத்தின் கிடையச்சில் இருப்பது நேரம், நம் படத்தில் இருப்பது அளவு. பெயர் ஒன்று, பொருள் வேறு. பரீட்சைக்கு அதைப் பார்த்துப் படித்துவிடாதீர்கள்.

இன்றைக்கு ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து, மேலே சொன்ன குடைக் கணக்கில் துணி விலை, மழை ரெண்டையும் ஒன்றாகப் போட்டு வரைந்து பாருங்கள். விலை 14, அளவு 64 வரவேண்டும். வரவில்லையென்றால் அனேகமாக அளிப்புக் கோட்டை வலப்பக்கம் தள்ளியிருப்பீர்கள்.