“ஆசிரியர்கள் ஊக்குவிக்க வேண்டும்”: ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பற்றிக் கேள்வி பதில்

என் எம்.எட். ஆய்வேடு ஆறாம் வகுப்புப் பின்னம் பற்றியது. கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர்களுக்கான பரிந்துரையாக “கணித ஆசிரியர்கள் செயல்வழிக் கற்றலைப் பின்பற்ற வேண்டும்” என்று எழுதியிருந்தேன். நெறியாளர் அதைச் சுழித்து “எதை? எப்போது?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்வது மேடம்?

முதலில் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் என்றால் அட்டையும் ஏணிப்படியுமாகத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த திட்டம்தான் ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வரும், நீங்கள் செய்தது அதுவல்ல. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருப்பது காகிதப் பட்டை. சோதனைக் குழுவில் 31 பேர், கட்டுப்பாட்டுக் குழுவில் 30 பேர், 12 பாடவேளை. அதில் 4 பாடவேளை பின்னங்களை ஒப்பிடுவதற்கு, மீதி கூட்டலுக்கு. பின்தேர்வில் ஒப்பிடும் கேள்விகளில் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருக்கிறார்கள். 3-ஐ விட 4 பெரிசு, அதனால் 1/3-ஐ விட 1/4 பெரிசு என்று முன்தேர்வில் எழுதியவர்களில் பெரும்பாலானோர் திருந்திவிட்டார்கள். ஆனால் கூட்டலில் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை, 1/3 + 1/4 = 2/7 என்று எழுதுகிறவர்கள் அப்படியேதான் எழுதுகிறார்கள். இவ்வளவு தெரிந்த பிறகு “கணிதம்” என்று பொதுவாக எப்படி எழுத முடியும்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஆறாம் வகுப்பில் பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களை ஒப்பிடக் கற்றுத்தரும்போது, விதியைச் சொல்வதற்கு முன் காகிதப் பட்டைகளை மாணவர்களே மடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்யலாம். இந்த ஆய்வில் இதற்கு 4 பாடவேளை ஆனது. கூட்டலில் இம்முறையால் வேறுபாடு தெரியவில்லை. சோதனைக் குழுவுக்குப் பாடம் நடத்தியவர் ஆய்வாளரே என்பதால், வழக்கமான வகுப்பாசிரியர் நடத்தும்போதும் இதே பலன் கிடைக்குமா என்பதை இந்த ஆய்வு காட்டவில்லை.”

இன்னொன்று. உங்கள் பாடக்குறிப்பில், மூன்றாக மடிக்கக் குழந்தைகள் திணறியதால் இரண்டாம் நாளிலிருந்து 24 செ.மீ. பட்டையில் 8 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 24 இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஓர் ஆசிரியருக்கு உண்மையில் கைகொடுப்பது இதுதான், அதைப் பின்னிணைப்பில் புதைத்துவிட்டீர்கள். மேலே கொண்டுவாருங்கள்.

இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா? நான் கடைசி அத்தியாயத்தில் எல்லா “வேண்டும்”-ஐயும் “லாம்” ஆக்கிவிட்டேன். அடக்கமாகிவிட்டது, அவ்வளவுதானே சார்?

நான் மேடம்தான், பரவாயில்லை. நீங்கள் சொல்வது பாதி சரி. “ஆசிரியர்கள் பல்வேறு புதுமையான உத்திகளைப் பயன்படுத்தலாம்” என்பதில் பணிவு இருக்கிறது, விஷயம் இல்லை. நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு வகுப்புக்குள் நுழைகிறவர் அதை வைத்து என்ன செய்வார்? அதோடு, சில இடங்களில் “வேண்டும்” இருந்தே ஆக வேண்டும். ஒப்பிடும் இரண்டு பட்டைகளும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை தப்பாகக் கற்றுக்கொள்ளும். அங்கே போய் “இருக்கலாம்” என்று எழுதினால் கேலிதான். முறையைச் செய்து பார்ப்பதா வேண்டாமா என்பது ஆசிரியர் விருப்பம், அதற்கு “லாம்”. செய்வதென்றால் விடக்கூடாதது எதுவோ, அதற்கு “வேண்டும்”.

300 மாணவர்களிடம் தன்மதிப்பு, கணித அடைவு இரண்டுக்கும் ஒட்டுறவு பார்த்தேன், 0.31 வந்தது, குறிப்பிடத்தக்கதுதான். “ஆசிரியர்கள் மாணவர்களின் தன்மதிப்பை உயர்த்தினால் அடைவு உயரும்” என்று போடலாம் அல்லவா?

போடக்கூடாது. மதிப்பெண் நன்றாக வருவதால் தன்மதிப்பு உயர்ந்திருக்கலாம், அல்லது வீட்டுச் சூழல் இரண்டையும் சேர்த்துத் தூக்கியிருக்கலாம், உங்கள் தரவை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. 0.31-ஐ அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், 0.1கூட வரவில்லை, அதாவது அடைவில் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் இதோடு சேர்ந்து நகர்கிறது. 300 பேர் இருந்தால் 0.12கூடக் குறிப்பிடத்தக்கதாகிவிடும், அதனால் அந்தச் சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆசிரியருக்கு என்ன சொல்வது என்றால், இந்த ஆய்விலிருந்து கற்பிக்கும் முறை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதலாம். தேர்வாளர் குறைத்துப் போடுவார் என்று பயப்படுவீர்கள், வாய்மொழித் தேர்வில் நான் பார்த்தவரை அடி விழுவது பெரிதாக எழுதியவர்களுக்குத்தான்.

நான் யாழ்ப்பாணம். ஆறு ஆசிரியர்களை நேர்காணல் செய்தேன். விதப்புரைகள் கல்வி அமைச்சுக்குத்தானே எழுதவேணும்? நீங்கள் ஆசிரியருக்கு எழுதச் சொல்லுறீங்கள்.

இரண்டும் வேறு வேறு, உங்கள் மேற்பார்வையாளர் இரண்டையுமே கேட்கிறார் என்று நினைக்கிறேன். அமைச்சுக்கு எழுதுவதில் தப்பில்லை, ஆனால் ஆறு பேர் சொன்னதை வைத்துப் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்வது அதிகம். “ஆறு பேரில் நால்வர் ஆசிரியர் வழிகாட்டியைத் திறப்பதே இல்லை என்றனர். வழிகாட்டியைத் திருத்தும் முன் ஆசிரியர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரிப்பது பயன்படும்” என்கிற அளவில் நிறுத்தலாம். எண்ணிக்கையைச் சொல்லலாமா கூடாதா என்பதில் பண்புசார் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் சொல்லலாம் என்கிற கட்சி, உங்கள் மேற்பார்வையாளர் வேறு கட்சியாக இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

நான் ஆய்வு மாணவன் இல்லை, ஆசிரியர். இந்தப் பரிந்துரைகளை எழுதுகிறவர்கள் 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு நாளாவது நின்றிருக்கிறார்களா?

நியாயமான கோபம் சார். நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான். என் ஆய்வேட்டில், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் எழுத்தில் பின்னூட்டம் தர வேண்டும் என்று பெருமையாக எழுதியிருந்தேன். ஒரு பள்ளியில் அதைப் பேசியபோது பின்வரிசையில் இருந்த தமிழாசிரியை கணக்குப் போட்டார்: நோட்டுக்கு 5 நிமிடம், 40 பிள்ளைகள், 200 நிமிடம், அவருக்கு மூன்று பிரிவு, ஆக ஒரு கட்டுரைக்குப் பத்து மணி நேரம். நான் ஆய்வில் திருத்தியது 20 நோட்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து. பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு என் மாணவர்களிடம் ஒவ்வொரு பரிந்துரைக்குப் பக்கத்திலும் பென்சிலால் மூன்று விஷயம் எழுதச் சொல்வேன்: எந்த அட்டவணையிலிருந்து வந்தது, ஆசிரியருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும், அதற்காக எதை விட வேண்டியிருக்கும். முதல் கட்டம் காலியாக இருந்தால் வரியையே அடித்துவிடலாம். மூன்றாவது காலியாக இருந்தால் எழுதியவர் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

மேடம், பின்னம் கேள்வி கேட்டவள்தான். அந்தப் பென்சில் வேலையைச் செய்தேன், பதினொன்றில் மூன்றுதான் மிஞ்சியது. துறையில் குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சில துறைகளில் பக்கக் கணக்கு பார்க்கத்தான் செய்கிறார்கள். மூன்றையும் தலா ஒரு பத்தியாக விரித்து எழுதி, கூட்டலில் பலன் இல்லாததை நான்காவதாகச் சேருங்கள். 2/7 என்று எழுதும் குழந்தைக்குப் பட்டை மட்டும் போதவில்லை என்பதும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டிய செய்திதான். அதோடு நெறியாளரைப் போய்ப் பாருங்கள், “எதை? எப்போது?” என்று எழுதியவர் பத்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாரா என்பது சந்தேகம்தான்.