தலைப்பை மாற்றிய சேனலில் திரும்ப வரும் பார்வையாளர் விகிதம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருந்து சமையல் யூடியூப் சேனல் நடத்தி வந்தோம். இரண்டு மாதங்களாக இபிஎஃப், வீட்டுக் கடன் பற்றி மட்டுமே காணொளி போடுகிறோம். திரும்ப வரும் பார்வையாளர் விகிதம் 40 சதவீதத்திலிருந்து முதல் மாதம் 60 ஆக ஏறி, இப்போது 20 ஆக விழுந்துவிட்டது. மாதாந்திரப் பார்வையாளர்கள் முறையே 10,000, 4,500, 12,000. பழைய ஆட்கள் எங்களைக் கைவிட்டுவிட்டார்களா?

பதில்: சதவீதத்தைத் தள்ளிவைத்து, தலைகளை எண்ணிப் பாருங்கள். சமையல் காலத்தில் 4,000 பேர் திரும்பி வந்தார்கள். விகிதம் 60 ஆக ஏறிய மாதத்தில் வந்தவர்கள் 2,700 பேர்தான். உங்களுக்கு ஆறுதல் அளித்த அந்த மாதத்தில்தான் 1,300 பேரை இழந்தீர்கள். புதியவர்கள் 6,000-லிருந்து 1,800 ஆகச் சரிந்ததால்தான் விகிதம் உயர்ந்தது. விகிதம் 20 ஆன இம்மாதம் திரும்பியவர்கள் 2,400 பேர். குறைந்தவர்கள் 300 பேர் மட்டுமே. 9,600 புதியவர்கள் வந்து சேர்ந்ததுதான் விகிதத்தை அமுக்கியது. இப்படி ஒரே மாதத்தில் புதியவர்கள் குவிவது பெரும்பாலும் ஓரிரு காணொளிகள் பரிந்துரையில் ஏறியதால் நடப்பது. எந்தக் காணொளி என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

அடுத்து, அந்த 2,400 பேர் எதைப் பார்க்கத் திரும்பினார்கள் என்பதே முக்கியமான கேள்வி. பழைய மீன்கறிக் காணொளியைத் தேடி மறுபடி வருபவரும் சேனல் கணக்கில் திரும்ப வந்தவராகவே எண்ணப்படுவார். ஆகவே ஸ்டூடியோவின் Advanced mode பகுதியில் கடன், இபிஎஃப் காணொளிகளைத் தனிக் குழுவாகவும் சமையலை இன்னொரு குழுவாகவும் சேர்த்து, இரண்டையும் மாதவாரியாகப் பாருங்கள். இரண்டையும் பார்ப்பவர்கள் இருப்பதால் கூட்டுத்தொகை சேனல் எண்ணோடு பொருந்தாது, அது பிழையல்ல. புதிய குழுவுக்குத் திரும்பியவர்கள், பேச்சுக்கு, 250-லிருந்து 600 ஆகியிருந்தால் புதிய தலைப்பு வேரூன்றத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். 250-லேயே நின்றால், உங்களைத் தாங்கி நிற்பது இன்னமும் பழைய சமையல்தான்.

ஸ்டூடியோ காட்டும் ‘வழக்கமான பார்வையாளர்’ என்ற பிரிவை வைத்து இப்போது எதையும் முடிவு செய்யாதீர்கள். கடந்த ஓராண்டில் ஆறு மாதங்களாவது பார்த்தவர்களே அதில் அடங்குவர். இரண்டு மாத வயதுள்ள தலைப்பால் அப்படி ஒருவரையும் உருவாக்க இயலாது. அந்த எண் குறைந்துகொண்டே போவது சமையல் ரசிகர்கள் விலகும் வேகத்தை மட்டுமே சொல்லும்.

தீபாவளி மாதத்தோடும் ஒப்பிட வேண்டாம். பலகாரக் காணொளிகளுக்குப் பழையவர்கள் திரளாகத் திரும்பும் காலம் அது. அதன் பக்கத்தில் எந்த மாதமும் சரிவாகவே தெரியும்.

அடுத்த மாதம் புதிய குழுவின் எண்ணை எடுத்துப் பாருங்கள். 9,600 பேர் வந்துபோன பின்னும் அந்தக் குழுவுக்குத் திரும்புவோர் கூடவில்லை என்றால், அவர்கள் ஒரு காணொளிக்காக வந்தவர்களே தவிர சேனலுக்காக வந்தவர்கள் அல்லர். அப்போது, அவர்களை அழைத்துவந்த காணொளியின் தொடர்ச்சியாக இரண்டு மூன்று காணொளிகள் வெளியிட்டு, அதே எண்ணை மீண்டும் பாருங்கள்.