புல்விப் எஃபெக்ட் என்றால் என்ன? கடை, மொத்த வியாபாரி, ஃபேக்டரி என்று எளிய கணக்காகச் சொல்ல முடியுமா?

கடை விற்பனை கொஞ்சம் மாறினாலே, மொத்த வியாபாரி, ஃபேக்டரி என்று மேலே போகப் போக ஆர்டர் பெரிதாக ஆடுவதுதான் புல்விப் எஃபெக்ட். சோப்பை எடுத்துக்கொள்வோம். கடையில் வாரம் 100 பெட்டி போகிறது. கடைக்காரர், மொத்த வியாபாரி, ஃபேக்டரி மூவருக்கும் ஒரே வழக்கம்: இரண்டு வாரச் சரக்கு கையில் இருக்க வேண்டும். அதனால் ஆளுக்கு 200 பெட்டி ஸ்டாக். கேட்ட சரக்கு அந்த வாரமே வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் 110 பெட்டி விற்கிறது. கடைக்காரர் விற்றதையும் நிரப்ப வேண்டும், ஸ்டாக்கையும் 220 ஆக்க வேண்டும். ஆக, ஆர்டர் 130. மொத்த வியாபாரிக்குக் கடையில் விற்றது தெரியாது. அவர் பார்ப்பது இந்த 130 மட்டும்தான். வாரத் தேவையே 130 ஆகிவிட்டது என்று நினைத்து, ஸ்டாக்கை 260-க்கு ஏற்ற 60 சேர்த்து 190 கேட்கிறார். ஃபேக்டரியும் அதே கணக்கைப் போட்டு, 190-உடன் ஸ்டாக்குக்கு 180 சேர்த்து 370 பெட்டி தயாரிக்கிறது.

அடுத்த வாரமும் விற்பனை 110 தான். ஸ்டாக் சரியாக இருப்பதால் கடைக்காரர் 110 மட்டும் கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு இது சரிவாகத் தெரிகிறது. இனி 220 ஸ்டாக் போதும், 40 பெட்டி மிச்சம் என்று 70 மட்டும் கேட்கிறார். ஃபேக்டரியில் அந்த 70 போன பிறகும் 310 பெட்டி கிடக்கிறது, வைத்திருக்க வேண்டியதோ 140. அந்த வாரம் உற்பத்தியே கிடையாது. போன வாரம் ஓவர்டைம், இந்த வாரம் லைன் நிற்கிறது. இத்தனைக்கும் மூவரில் யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை.

நிஜத்தில் சரக்கு வரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கும் சேர்த்து ஸ்டாக் வைப்பார்கள் என்பதால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். நான் டிஸ்ட்ரிபியூஷனில் இருப்பவன். மாதக் கடைசியில் கம்பெனி ஸ்கீம் போட்டால் அடுத்த மாதச் சரக்கையும் இப்போதே ஏற்றிக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு வாரம் ஆர்டரே வராது. தட்டுப்பாடு வந்தால் இதைவிட மோசம். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்ததும் எல்லோரும் இரண்டு பங்கு கேட்பார்கள். சரக்கு தாராளமாக வந்ததும் அந்த ஆர்டர்களில் பல கேன்சல் ஆகும்.

இதற்குப் பெயர் போன உதாரணம் பி அண்ட் ஜி கம்பெனியின் பாம்பர்ஸ் டயப்பர். குழந்தைகள் திடீரென்று இரண்டு மடங்கு டயப்பர் நனைப்பதில்லை. கடை விற்பனையும் ஏறத்தாழ சீராகவே இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் ஏறி இறங்கியது. மூலப்பொருளுக்குக் கம்பெனி போட்ட ஆர்டர் அதைவிட ஆடியது. உங்கள் இடத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க, வாரவாரம் விற்றதையும் மேலே கேட்டதையும் ஒரே கிராஃபில் போடுங்கள். ஆர்டர் கோடு விற்பனைக் கோட்டைவிட அதிகமாக ஆடினால் இதுதான்.

சரி, அதே கணக்கில் மூவருக்கும் கடை விற்பனை தெரிந்திருந்தால்? மூவரும் 220 ஸ்டாக் போதும் என்று முடிவு செய்வார்கள். கடை 130, மொத்த வியாபாரி 150, ஃபேக்டரி 170. அடுத்த வாரம் மூன்றும் 110. ஏற்றம் முழுசாகப் போகவில்லை, ஏனென்றால் மூவரும் ஸ்டாக்கை உயர்த்தியே ஆக வேண்டும். ஆனால் 370-லிருந்து பூஜ்யத்துக்கு விழுவது நின்றுவிட்டது. என்ன, விற்பனைக் கணக்கை மேலே காட்டினால் டார்கெட்டை ஏற்றிவிடுவார்களோ என்று கடைக்காரர் பயப்படுவார். அந்தப் பயம் அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன்.