மூன்று பங்குகளும் ஏறின. இனி கடன் வாங்கி இறங்கலாமா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் 2 லட்சம் ரூபாயுடன் பங்குச்சந்தைக்கு வந்தேன். முதலில் தலா 50,000 போட்டு வாங்கிய மூன்று பங்குகளும் ஏறி, மொத்தம் 30,000 ரூபாய் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வாங்கி விற்கிறேன். ஆப்பில் இதுவரை 46,000 ரூபாய் லாபம் காட்டுகிறது. இரண்டு பங்குகள் மட்டும் இறங்கிக் கிடக்கின்றன, ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருக்கிறேன். 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்துப் பெரிதாகச் செய்யலாமா, ஆப்ஷனும் பழகலாமா? எனக்கு இது கைவந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கடன் வேண்டாம். ஆப்ஷனும் இப்போது வேண்டாம். ஏன் என்பதை உங்கள் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

அந்த 46,000-இலிருந்து தொடங்குவோம். அது விற்று முடித்த பங்குகளின் லாபம் மட்டும். இறங்கிய இரண்டையும் நீங்கள் விற்கவில்லை என்பதால் அந்த நஷ்டம் இதில் வரவே இல்லை. ஏறியதை உடனே விற்று, இறங்கியதைக் கட்டிக்கொண்டிருப்பது புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் விற்ற கணக்கில் எப்போதும் வெற்றியாகவே தெரியும். அந்த இரண்டும் சேர்ந்து 21,000 ரூபாய் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மை லாபம் 25,000 ஆகிவிடுகிறது.

அடுத்தது கட்டணம். பல ஆப்களில் லாபத் திரையில் இது கழிக்கப்பட்டிருக்காது. 50,000 ரூபாய்க்கு ஒரு பங்கை டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் கணக்கில் வைத்திருந்து, வாங்கி விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், ஆக 100 ரூபாய். முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், விற்கும்போது டீமேட் கணக்கில் பிடிக்கும் டிபி சார்ஜ் எல்லாம் சேர்த்தால், புரோக்கரேஜ் இல்லாத இடத்திலும் சுமார் 125 ரூபாய் போகும். இதுவரை 60 தடவை வாங்கி விற்றிருந்தால் 7,500 ரூபாய். மிஞ்சுவது 17,500. இந்த வேகத்திலேயே ஒரு வருடம் போனால் ஏறக்குறைய 96 தடவை, 12,000 ரூபாய். உங்கள் 2 லட்சத்தில் அது 6 சதவீதம். பேங்க் எஃப்டி வட்டிக்குக் கிட்டத்தட்ட சமமான தொகையை ஒவ்வொரு வருடமும் முதலில் கட்டிவிட்டுத்தான் நீங்கள் லாபம் பார்க்கவே ஆரம்பிக்கிறீர்கள். ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி தனி.

இனி கைவந்ததா என்ற கேள்வி. இதற்கு ஒரே நேர்மையான அளவுகோல்தான் உண்டு: நீங்கள் பணம் போட்ட அதே நாளில் அந்த 2 லட்சத்தை, நிஃப்டி குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும்? ஃபண்டின் ஒரு யூனிட் விலையைத்தான் என்ஏவி என்பார்கள். அன்றைய என்ஏவியும் இன்றைய என்ஏவியும் இணையத்தில் கிடைக்கும், பத்து நிமிட வேலை. அதில் வந்திருக்கும் லாபம் 17,500-ஐ விட அதிகம் என்றால், ஏறியது சந்தை. உங்கள் தேர்வு அதிலிருந்து கொஞ்சம் குறைத்திருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்த நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,000-ஐத் தாண்டியது. அந்த நாட்களில் நுழைந்தவர்களில் நிறையப் பேர் எதைத் தொட்டாலும் ஏறியது. தமக்குச் சந்தை புரிந்துவிட்டது என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

மூன்றில் மூன்று என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வமில்லை. பத்தில் ஏழு பங்கு ஏறுகிற ஒரு காலத்தில், கண்ணை மூடி மூன்றைத் தொட்டாலும் மூன்றுமே ஏறிய பங்காக அமைய ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்களுடன் அதே மாதத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இதே அனுபவம் கிடைத்திருக்கலாம்.

அந்த வெற்றியைவிட அதற்குப் பின் வருவதுதான் ஆபத்து. ஏறினால் ‘நான் கணித்தேன்’ என்றும், இறங்கினால் ‘சந்தை சரியில்லை’ என்றும் மனம் கணக்கு எழுதும். தைரியம் கூடும், தொகையும் எண்ணிக்கையும் கூடும். உங்கள் வெற்றிகள் 50,000-இல் வந்தவை. மூன்று வெற்றியும் சேர்ந்து 30,000. நாளை கடன் பணத்தில் ஒரே பங்கில் 3 லட்சம் போட்டு அது 10 சதவீதம் இறங்கினால், அந்த மூன்றும் ஒரே அடியில் போய்விடும். பத்தில் ஏழு முறை சரியாகக் கணித்தவர்கள்கூட நஷ்டத்தில் முடிவது பெரும்பாலும் இப்படித்தான்: சிறிய தொகையில் ஜெயித்து, பெரிய தொகையில் தோற்கிறார்கள். அதற்கு மேல் மாதாமாதம் இஎம்ஐ வேறு கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் பார்பர், ஓடீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை குறைந்த கட்டணம் வாங்கும் ஒரு புரோக்கரிடம் இருந்த 66,465 குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை வருடத்துக்கு 17.9 சதவீதம் தந்தது. அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. அவர்கள் பங்கைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய பிழை இல்லை, செலவுதான் தின்றுவிட்டது. நம் ஊரிலும் அதே கதைதான். இன்ட்ராடே, அதாவது வாங்கிய அன்றே விற்பது, செய்தவர்களைப் பற்றி பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2022-23 நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நஷ்டம். வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம் நஷ்டம். நீங்கள் கேட்ட ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்கள் பணம் இழந்தார்கள். அந்தப் பிரிவை உங்கள் கணக்கில் இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்காமலே இருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நோட்டு போடுங்கள். வாங்குவதற்கு முன்பு நான்கு வரி: ஏன் வாங்குகிறேன், எவ்வளவு காலத்துக்கு, எந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடுவேன், எது நடந்தால் என் காரணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன். விற்ற பிறகு எழுதினால் பயனில்லை, முடிவு தெரிந்தபின் காரணம் தானாக அழகாகிவிடும். விற்றதும் இன்னொரு வரி: நான் சொன்ன காரணத்தால்தான் ஏறியதா? காலாண்டு லாபம் கூடும் என்று வாங்கி, லாபம் குறைந்தும் ஏதோ ஒரு வதந்தியால் பங்கு ஏறியிருந்தால், பணம் வந்தாலும் அதைத் தவறான கணிப்பு என்றே குறியுங்கள். இந்த ஒரு பழக்கம் தலைக்கனத்தை வேகமாகக் கரைக்கும்.

அப்புறம், மாதத்துக்கு இரண்டு வாங்கல் என்று வரம்பு வையுங்கள். யோசனை வந்த நாளில் ஆர்டர் போட வேண்டாம், ஓர் இரவு தாண்டட்டும். ஆப்பின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். 50,000 என்ற அளவை, 30 தடவை எழுதி வாங்கி விற்று முடிக்கும்வரை கூட்டாதீர்கள். லாபத்தைக் கணக்கிலேயே விட்டுவைத்தால் அடுத்த பங்குக்குப் போய்விடும், அதனால் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதச் சேமிப்பில் பெரும் பங்கை இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி-யாகப் போடுங்கள்.

இறங்கிக் கிடக்கும் இரண்டையும் இந்த வாரமே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கையில் இல்லாமல் இருந்தால் இன்றைய விலையில் இதை வாங்குவேனா? இல்லை என்றால் மார்ச் 31-க்குள் விற்றுவிடுங்கள். அந்த 21,000 நஷ்டத்தை அதே நிதியாண்டின் குறுகிய கால லாபத்தில் கழிக்கலாம். 46,000-மும் இந்த ஆண்டிலேயே விற்ற லாபமாக இருந்தால், வரி 9,200 ரூபாயிலிருந்து 5,000-ஆகக் குறையும். செஸ் தனி.

30 முடிந்ததும், கட்டணமும் வரியும் கழித்து, விற்காததையும் சேர்த்து, இண்டெக்ஸோடு ஒப்பிடுங்கள். இந்தக் காலத்தில் சந்தை ஒரு முறையாவது நன்றாக இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் காத்திருங்கள். அப்போதும் நீங்கள் முன்னால் இருந்தால், ஒரு பங்குக்கான தொகையை உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து 60,000 ஆக்கலாம்.