வீடு மாமியார் பேர்ல இருந்தா மருமகள் வெளிய போகணுமா?

கேள்வி: "வீடு மாமியார் பேர்ல இருக்கு. ஏழு வருஷமா இங்கதான் இருக்கேன். வீட்டுக்காரர் அடிப்பாரு, இப்ப தனியா ரூம் எடுத்துப் போயிட்டாரு. 'பையனே இல்ல, நீ ஏன் இருக்கே, பூட்டை மாத்திடுவேன்'னு மாமியார் மிரட்டுறாங்க. நான் போயிடணுமா சார்?"

போகாதீங்கம்மா. பத்திரம் யார் பேர்லங்கறது இங்க முதல் கேள்வியே இல்ல. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, கல்யாணமாகி வந்து நீங்க குடித்தனம் பண்ண வீட்டுல இருக்கற உரிமை உங்களுக்கு உண்டு, சொத்துல பங்கு வராது, ஆனா கோர்ட் வழியா இல்லாம யாரும் உங்கள வெளியேத்த முடியாது. மாமியார் வீட்டுல அந்த உரிமை இல்லன்னு முன்னாடி ஒரு தீர்ப்பு இருந்துச்சு, 2020 அக்டோபர்ல சதீஷ் சந்தர் அஹுஜா வழக்குல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. இன்னமும் பழசையே சொல்லி உங்கள திருப்பி அனுப்பினா நம்பிடாதீங்க.

கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறையில பாதுகாப்பு அலுவலரைப் பாருங்க, நடந்தத அவங்க அறிக்கையா எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவாங்க, நீங்க வக்கீல் வச்சு நேராவும் 12ஆம் பிரிவுல மனு போடலாம். பூட்டு மாத்தறதுக்குள்ள ஆர்டர் வேணும்ல, அதனால கூடவே 23ஆம் பிரிவுல இடைக்கால மனுவும் அபிடவிட்டும் போடணும். அபிடவிட்ல "கொடுமை பண்றாங்க"ன்னு மொத்தமா எழுதினா பலம் இருக்காது, எந்தத் தேதி, எந்த நேரம், மாமியார் சொன்ன வார்த்தை என்ன, அப்ப பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எழுதுங்க, அவர் அடிச்சதுக்கு ஆஸ்பத்திரி சீட்டு இருந்தா வைங்க. அங்க குடியிருக்கறதுக்கு ஆதார், கேஸ் புக், குழந்தை ஸ்கூல் டைரியில இருக்கற அட்ரஸ் போதும்.

ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 19ஆம் பிரிவுல வீட்ட விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க, 18ஆம் பிரிவுல பாதுகாப்பு உத்தரவும் சேர்த்துக் கேளுங்க, ஏன்னா 31ஆம் பிரிவு தண்டனை, அதாவது ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 20,000 ரூபா வரை அபராதம் இல்ல ரெண்டுமே, பாதுகாப்பு உத்தரவ மீறினாத்தான்னு எழுதியிருக்கு. வீட்ட விக்கக் கூடாதுன்னும் கேட்டுடுங்க.

மாமியார வெளியேத்தச் சொல்லி மட்டும் கேக்காதீங்க, பெண்ண வீட்ட விட்டு அனுப்ப இந்தச் சட்டத்துல உத்தரவு கிடையாது. அவங்க வயசானவங்களா இருந்து ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கவே முடியாதுன்னா, உங்க வீட்டுக்காரர வேற வீடோ வாடகையோ குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம், அத தோல்வியா நினைக்காதீங்க, அதுவும் சட்டம் குடுக்கற நிவாரணம்தான்.

என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, ஸ்டேஷன்ல சமாதானம் பேசறோம்னு கூப்பிட்டப்ப "விருப்பப்பட்டுப் போறேன்"னு எழுதின தாள்ல கையெழுத்து போட்டுட்டு வந்துடுச்சு, அந்த ஒரு வரிய கோர்ட்ல சமாளிக்கறதுக்குள்ள மாசக்கணக்காச்சு. அப்படி எதுலயும் கையெழுத்து போடாதீங்க, மனு போடறதுக்கு முன்னாடியே பூட்டிட்டா அந்தப் பூட்டை தேதியோட போட்டோ எடுத்துட்டு அன்னிக்கே பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லிடுங்க.