உள்ளி கால் கிலோ

கேள்வி: வேறு நாட்டில் குடியேறிய புதிதில், கடையில் பில் போடும் இடத்தில் உள்ளூர்ச் சொல் புரியாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவில். கல்யாணமாகிப் போனது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு. அங்கே அதைத் தின்னவேலி என்பார்கள். ஊரில் பாதிப் பேர், நான் பஸ்ஸில் போய்விடலாம் என்கிற தூரத்தில்தான் இருக்கிறேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த முதல் வாரம் மாமிக்குத் தடிமன். ரசம் வைக்க வேண்டும், "உள்ளி கால் கிலோ வாங்கிக்கொண்டு வாங்கோ பிள்ளை" என்றார். பாணும் தேசிக்காயும் சொல்லியிருந்தால் முழித்திருப்பேன். உள்ளி எங்கள் வீட்டுச் சொல்லாயிற்றே! எங்கள் ஊரில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். பக்கத்து மலையாளத்திலும் வெங்காயம் உள்ளிதான். நல்ல சிவப்பாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போனேன்.

காசு வாங்கும் பெண் தராசில் வைத்து, "வெங்காயம் கால் கிலோ" என்றாள்.

"உள்ளிதான் கேட்டாங்க."

"இது வெங்காயம் எல்லோ அக்கா? உள்ளி அங்காலை கிடக்கு."

நான் விடவில்லை. இதுதான் உள்ளி என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாக எழுந்துபோய் வெள்ளையாக ஒன்றைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது பூடுல்லா!" என்றேன்.

"பூடோ?" அவள் முகத்தில் கவலையே வந்துவிட்டது. அங்கே பூடு, பூண்டு என்றதும் தோட்டத்தில் பிடுங்கி எறிகிற புல்லுப் பூண்டுதான் பலருக்கு நினைவு வரும் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு உள்ளிதான் நம் வெள்ளைப்பூடு. வெங்காயம் என்று சும்மா சொன்னால் சின்னது. பெரியது வேண்டுமென்றால் பம்பாய் வெங்காயம் என்று கேட்க வேண்டும்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு ஐயா பொறுமையிழந்து, "பிள்ளை எந்த ஊர்?" என்றார்.

"நாகர்கோவில்."

"வடமராட்சி கிழக்கோ? அங்கை ஆக்கள் உள்ளியை உள்ளி எண்டுதானே சொல்லுறவை!"

யாழ்ப்பாணத்திலும் ஒரு நாகர்கோவில் இருக்கும் என்று யார் கண்டது? நான் இந்தியா என்றதும், வரிசையே சிரித்தது. ஐயா மட்டும் நம்பாத பார்வையோடு என் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். வெங்காயத்தை மாமி தீயல் குழம்பில் பார்த்துவிட்டு, ரசத்துக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் இன்னும் விடுவதில்லை. நான் உள்ளியைத் தராசில் வைத்தால் போதும்: "அக்கா, இது எந்த நாகர்கோவில் உள்ளி?"